கடிதத்தில் முப்பதாயிரம்... கைக்கு வந்தது இருபதாயிரத்து எழுநூறு!

2025 மார்ச் கடைசி வாரம். ராணிப்பேட்டை பக்கம் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடியும் நேரத்தில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு கவர் கொடுத்தார்கள். சம்பள உயர்வுக் கடிதம். ஆற்காட்டிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வரும் அந்த இருபத்தாறு வயதுப் பெண், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவரைப் பிரித்தார். மூன்றாவது வரியிலேயே தடித்த எழுத்தில் இருந்தது: ஆண்டு சி.டி.சி. ரூ.3,60,264. போன வருடத்தைவிட 22 சதவிகிதம் அதிகம்.

செல்போனில் 12-ஆல் வகுத்துப் பார்த்தார். மாதம் 30,022. அப்போது அவர் வங்கிக் கணக்கில் மாதா மாதம் விழுந்துகொண்டிருந்தது 18,368 ரூபாய். பாலாற்றுப் பாலத்தை பஸ் தாண்டுவதற்குள் மனசுக்குள் பதினோராயிரம் ரூபாய் கூடுதலாகிவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் சீட்டு நடத்தும் அக்காவைப் பார்த்து, ஒரு லட்ச ரூபாய் சீட்டில் ஓர் இடம் சொல்லிவிட்டார். இருபது பேர், மாதம் ஐயாயிரம். வீட்டுக்கு ஒரு பாக்கெட் மக்கன் பேடாவும் வாங்கிக்கொண்டார். ஆற்காட்டில் நல்ல செய்தி என்றால் அதுதானே!

அப்பா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று மூன்று ஷாப். சுண்ணாம்புக் குழியில் தோல் இழுத்த கை. சனிக்கிழமை சாயங்காலம் கவரில் போட்டுக் கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த சம்பளம். கவரை எண்ணிப் பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் சம்பளம்.

பேடாவை வாயில் போட்டபடி அவர் கேட்டார். "முப்பதாயிரமா? கைக்கு இன்னாம்மா வரும்?"

"அதான் சொல்றேனே நைனா, முப்பதாயிரம்."

"பி.எஃப். புடிக்க மாட்டானா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவர் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஓர் அட்டவணை இருந்தது. நம்மில் பலர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இரண்டாம் பக்கத்தோடு சேர்த்து பீரோவில் வைத்துவிடுகிறோம்.

அட்டவணையில் முதல் மூன்று வரிகள் எளிமையானவை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000. வீட்டு வாடகைப்படி 5,000. இதர படி 2,500. கூட்டினால் 22,500. இதுதான் மொத்தச் சம்பளம். ஒருவருடைய கைக்கு வரும் பணம் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. இதற்குக் கீழே உள்ள வரிகள், கம்பெனி அவருக்காகச் செய்யும் செலவுகள். அவை சம்பளத்தில் பிடிக்கப்படுவதும் இல்லை, மாதா மாதம் கைக்கு வருவதும் இல்லை. சி.டி.சி. என்பதன் பொருளே, ஓர் ஊழியரை வைத்துக்கொள்ள கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு என்பதுதான். கம்பெனியின் பார்வையில் அது சரியான கணக்கு. சீட்டுக்குப் பணம் கட்டுபவரின் பார்வையில்தான் அது பொருந்தாது.

அன்று இரவு தம்பியின் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, அந்தக் கீழ் வரிகளை ஒவ்வொன்றாக எழுதினார்கள்.

கம்பெனியின் பி.எஃப். பங்கு 1,950. அடிப்படைச் சம்பளமான 15,000-ல் 12 சதவிகிதம் 1,800. நிர்வாகக் கட்டணத்துக்கும் ஊழியர் காப்பீட்டுக்கும் சேர்த்து இன்னும் ஒரு சதவிகிதம், 150. இதில் 150 ரூபாய் அவர் கணக்குக்கே வராது. மீதி 1,800-ல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். பி.எஃப். கணக்கில் சேர்வது 550 மட்டும்தான். அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கும் 1,800 இதோடு சேரும்போது மாதம் 2,350.

கிராஜுவிட்டி 722. இது அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவிகிதம். ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற சட்டக் கணக்கிலிருந்து வருவது. ஐந்து வருடம் வேலை பார்த்த பிறகு விலகினால் கிடைக்கும். இவருக்கு அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. நான்காம் வருடத்தில் வேறு கம்பெனிக்கு மாறினால் இந்த வரி முழுவதும் வெறும் எழுத்துதான். ஆனால் ஒவ்வொரு வருடக் கடிதத்திலும் சம்பளம்போலவே கூட்டப்பட்டிருக்கும்.

போனஸ் 1,250. தீபாவளிக்கு ஒரே முறையாக வருவதை மாதத்துக்குப் பிரித்துப் போட்டிருந்தார்கள். செயல்திறன் ஊக்கத்தொகை 1,000. இது வருடம் முடிந்த பிறகு, மதிப்பீட்டைப் பொறுத்து, அந்தத் தேதியில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். குழு மருத்துவக் காப்பீடு 600.

அடுத்த இரண்டு வரிகளில்தான் அவர் நின்றார். போக்குவரத்து 1,200. கேன்டீன் 800.

பஸ் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மதியச் சாப்பாடும் அதே சாப்பாடுதான். போன வருடக் கடிதத்தைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதில் இந்த இரண்டு வரிகளும் இல்லை. ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த பஸ்ஸையும் சாப்பாட்டையும் இந்த வருடம் பணமாக்கி சி.டி.சி.யில் சேர்த்திருந்தார்கள். மாதம் 2,000 ரூபாய் சம்பள உயர்வு, ஒரு பைசா செலவில்லாமல்!

பழைய கடிதத்தின் சி.டி.சி. மாதக் கணக்கில் 24,516. புதியது 30,022. வித்தியாசம் 5,506, அதுதான் அந்த 22 சதவிகிதம். பழைய கடிதத்திலும் பஸ்ஸையும் கேன்டீனையும் சேர்த்து 26,516 என்று வைத்துக்கொண்டால், உயர்வு 3,506தான். சதவிகிதத்தில் சொன்னால் பதின்மூன்று. அதிலும் ஆயிரம் ரூபாய், வந்தால் வரும் ஊக்கத்தொகை.

இரண்டு வருடக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய இது கண்ணில் படாது. ஒரு கடிதத்தை மட்டும் பார்த்தால் எல்லாமே ஒழுங்காகத்தான் இருக்கும்.

சரி, கைக்கு எவ்வளவு? மொத்தச் சம்பளம் 22,500. பி.எஃப். பிடித்தம் 1,800. மீதி 20,700. வருமான வரி இந்தச் சம்பளத்துக்குக் கிடையாது. தொழில் வரி உண்டு. தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிக்குப் போகும் வரி, அரையாண்டுக்கு ஒரு முறை பிடிப்பார்கள். இவருக்கு ஒவ்வொரு முறையும் 1,250. அந்த இரண்டு மாதங்களில் மட்டும் கைக்கு 19,450.

ஆக, மாதம் 18,368 வந்த இடத்தில் 20,700. உயர்வு 2,332 ரூபாய். ஐயாயிரம் ரூபாய் சீட்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

வருடக் கணக்காகப் பார்த்தால், கடிதத்தில் 3,60,264. மாதா மாதம் வங்கிக்கு வருவது எல்லாம் சேர்த்து 2,45,900. நடுவில் 1,14,364 ரூபாய் எங்கேயோ நிற்கிறது. அதில் ஏறக்குறைய 28,000 பி.எஃப். கணக்கில் அவர் பேரிலேயே சேர்கிறது. பதினைந்தாயிரம் ஓய்வூதியத்துக்கு. இன்னொரு பதினைந்தாயிரம் போனஸாக என்றைக்காவது வரும். பஸ்ஸும் சாப்பாடும் 24,000. இப்படி ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த ஓய்வூதியப் பங்கு விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு கதை உண்டு. அவர் வேலை பார்த்த மூன்று ஷாப்பில் ஒன்றில், இரண்டு வருடம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள். பணத்தைக் கட்டவில்லை. 58 வயது முடிந்து ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டபோதுதான் அந்த இரண்டு வருடம் கணக்கிலேயே இல்லை என்று தெரிந்தது. ஷாப் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. மற்ற வருடங்கள் பத்தைத் தாண்டியதால் ஓய்வூதியம் கிடைத்தது. இப்போது மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. "அன்னிக்கு அந்தப் பணம் புடிச்சப்ப திட்டிக்கினே இருப்பேன். இன்னிக்கு அதுதான் எனக்கு டீக்காசு" என்பார்.

அதனால் அன்று இரவே அவர் மகளை ஒரு வேலை செய்யச் சொன்னார். கட்டியிருக்கிறார்களா என்று பார். இப்போது அதற்கு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியதில்லை. யு.ஏ.என். எண்ணோடு இணைத்த செல்போனிலிருந்து 7738299899 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்.

```
EPFOHO UAN TAM
```

கடைசியில் உள்ள TAM, பதில் தமிழில் வருவதற்காக. இருப்பும் கடைசியாகக் கட்டிய தொகையும் வரும். மாதவாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் உமங் செயலியில் பாஸ்புக் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, இரண்டு மூன்று மாதமாகியும் பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. ஷாப் மூடிய பிறகு கேட்டுப் பயனில்லை. இவர் கணக்கில் எல்லா மாதமும் இருந்தது.

அடிப்படைச் சம்பளம் ஏன் சரியாக 15,000 என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பி.எஃப். சட்டத்தில் 2014 செப்டம்பரிலிருந்து ஊதிய வரம்பு 15,000 ரூபாய். அதற்கு மேல் போகும் சம்பளத்துக்குப் பங்கு கட்ட வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. இனி அடிப்படை உயர்ந்தாலும் பிடித்தம் 1,800-ஐத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ளலாம். கைக்கு வரும் பணம் கூடும், சேமிப்பு கூடாது.

அந்த நோட்டுப் பக்கத்தில் எழுதாமல் விட்டுப்போன ஒரு வரி இருந்தது. அதைக் கண்டுபிடித்தது அம்மா.

"இ.எஸ்.ஐ.க்கு இன்னா போட்டிருக்கான்?"

பழைய கடிதத்தில் இருந்தது. கம்பெனி பங்கு 657, இவர் பங்கு 152. புதிய கடிதத்தில் அந்த வரியே இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மூன்று வருஷமாக ராணிப்பேட்டையில் உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் மாத்திரை. வலது கண்ணில் புரை வளர்ந்திருந்தது. வேலூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். மகளின் சம்பளத்தை நம்பியிருக்கும் பெற்றோர் என்பதால் இதெல்லாம் அவருடைய அட்டையிலேயே நடந்துகொண்டிருந்தது.

இ.எஸ்.ஐ.க்கு ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2017 ஜனவரியிலிருந்து அதே வரம்புதான். போன வருடம் இவர் மொத்தச் சம்பளம் 20,200. இந்த வருடம் 22,500. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகமானதில் குடும்பமே வரம்புக்கு வெளியே போய்விட்டது. நான் தொடர்ந்து கட்டுகிறேன் என்று விருப்பப்பட்டுக் கேட்டாலும் முடியாது.

மாதத்துக்கு 152 ரூபாய் பிடித்தம் மிச்சம் என்று பார்த்தால் லாபம்போலத் தெரியும். அம்மாவின் மாத்திரைகளை வெளியில் வாங்கினால் எவ்வளவு என்று தம்பியை மருந்துக் கடைக்கு அனுப்பிக் கேட்டார்கள். மாதம் 1,900 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். 2,332 ரூபாய் உயர்வில் 432 ரூபாய் மீதி.

மறுநாள் அவர் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்குப் போனார். சண்டை போடப் போகவில்லை. கடிதம், பழைய கடிதம், நோட்டுப் பக்கம், மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த மேடம் பொறுமையாகத்தான் பேசினார். பஸ், கேன்டீன் செலவு எப்போதும் கம்பெனி செலவுதான், இந்த வருடம் கடிதத்தின் வடிவத்தைத் தலைமையகம் மாற்றியிருக்கிறது என்றார். பஸ் வேண்டாம், அந்த 1,200-ஐச் சம்பளமாகக் கொடுங்கள் என்றால் கிடைக்குமா? கிடைக்காது.

குழு மருத்துவக் காப்பீடு யாருக்கெல்லாம்? ஊழியர், கணவர் அல்லது மனைவி, குழந்தைகள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது அவர் ஒருவருக்கு மட்டும். பெற்றோரைச் சேர்க்கலாம், ஆனால் அந்தப் பிரீமியத்தைச் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள், மாதம் 900 ரூபாய். அதுவும் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால்தான். மாதாந்திர மாத்திரைக்கு இந்தக் குழுக் காப்பீடு பணம் தராது. இ.எஸ்.ஐ.க்கும் காப்பீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். கடிதத்தில் இரண்டும் 'மருத்துவம்' என்ற ஒரே வார்த்தையில் வந்துவிடுவதால் அது புரிவதில்லை.

பிறகு அவர் கேட்டது தேதியைப் பற்றி. உயர்வு ஏப்ரல் 1 முதல். அதை மே 1 என்று மாற்ற முடியுமா?

ஒரு மாத உயர்வை விட்டுக்கொடுக்க ஒருத்தி கேட்கிறாளே என்று மேடத்துக்கு ஆச்சரியம். ஆனால் கணக்கு தெரிந்துதான் கேட்டார். இ.எஸ்.ஐ.யில் பங்களிப்புக் காலம் என்று இரண்டு உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு காலம் தொடங்கிய பிறகு நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை அவர் திட்டத்திலேயே இருப்பார். ஏப்ரல் சம்பளம் பழைய கணக்கில் வந்து மே மாதம் உயர்ந்திருந்தால், செப்டம்பர் வரை இ.எஸ்.ஐ. உண்டு. ஏப்ரல் 1-ம் தேதியே உயர்ந்தால் அன்றே வெளியே. ஒரு மாதத் தேதி மாற்றத்தில் ஆறு மாதப் பாதுகாப்பு நிற்கிறது.

தேதியை மாற்ற முடியவில்லை. ஆலை முழுக்க ஒரே தேதி என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த மேடமே இன்னொன்றைச் சொன்னார். அன்றைய நாளின் உருப்படியான தகவல் அதுதான்.

பங்களிப்பு நின்ற அன்றே சிகிச்சை நிற்காது. ஒவ்வொரு பங்களிப்புக் காலத்துக்கும் பின்னால் ஒரு பயன் காலம் இருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை பயன். அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு அதற்கு முந்தைய அரையாண்டில் கட்டிய பணம் கைகொடுக்கும். அதாவது மார்ச்சில் வெளியே போனவருக்கு டிசம்பர் 31 வரை இ.எஸ்.ஐ. உண்டு. ஏப்ரலில் அட்டை செல்லாது என்று நினைத்துக்கொண்டு வெளியில் போய்ச் செலவு செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் முடிவு அம்மாவின் கண். டிசம்பருக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டாவது, சீட்டு அக்காவைப் பார்ப்பது. "ஐயாயிரம் முடியாதுக்கா, ஆயிரம் ரூபாய் சீட்டு இருந்தா சொல்லுங்க" என்று சொல்ல அவருக்கு இரண்டு நாள் ஆனது. அக்கா ஒன்றும் தவறாக நினைக்கவில்லை. "சி.டி.சி.யா? என் வூட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஒரு வாட்டி எழுதிக் குடுத்தாங்க" என்றார்.

ஏப்ரல் 30-ம் தேதி வங்கியிலிருந்து செய்தி வந்தது. 20,700. நோட்டில் எழுதிய தொகை, ஒரு ரூபாய் கூடக் குறையில்லை.

ஆகஸ்டில் வேலூரில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு நாள்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், "சுவர்ல இவ்ளோ அழுக்கா?" என்று வீட்டைப் பார்த்துக் கேட்டார். வெள்ளையடிக்கப் பணமில்லை என்றார் அப்பா.

மாத்திரைக்கும் ஒரு வழி கிடைத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். அங்கேயும் வரம்பு, இங்கேயும் வரம்பு. நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க வருமானச் சான்று தேவையில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்தார்கள். இப்போது தெருவுக்கே வந்து தருகிறார்கள். இ.எஸ்.ஐ.யில் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று மட்டும் அங்கே இல்லை. அதை வெளியில் வாங்குகிறார்கள்.

அப்பா, அம்மா இருவரையும் குழுக் காப்பீட்டில் சேர்ப்பதா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. மாதம் 900 என்பது 2,332-ல் பெரிய துண்டு. கடைசியில் சேர்த்துவிட்டார். படுத்துவிட்டால் செலவு ஆயிரக்கணக்கில் நிற்காது என்பது தோல் ஷாப் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, உண்மையான உயர்வு 1,432 ரூபாய்.

தீபாவளிக்கு முன் போனஸ் வந்தது. 13,994. கடிதத்தில் வருடத்துக்கு 15,000 போட்டிருந்ததே என்று தம்பி கேட்டான். போனஸ் முடிந்துபோன வருடத்துக்குக் கொடுப்பது. 2024-25-ல் அடிப்படைச் சம்பளம் 14,000தான், அதில் 8.33 சதவிகிதம். புதிய கடிதத்தின் பதினைந்தாயிரம் அடுத்த தீபாவளிக்குத்தான். இடையில் யாரோ, "மொத்தச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் போனஸும் கட்" என்று பஸ்ஸில் பயமுறுத்தியிருந்தார்கள். அது தவறு. போனஸ் சட்டத்திலும் வரம்பு 21,000தான், ஆனால் அங்கே பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் மட்டும். வீட்டு வாடகைப்படியைச் சேர்ப்பதில்லை. ஒரே எண், இரண்டு சட்டத்தில் இரண்டு அர்த்தம்.

நவம்பர் 21-ம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. செய்தியைப் பார்த்த அவர் மறுபடியும் நோட்டை எடுத்தார். புதிய சட்டத்தில் 'ஊதியம்' என்பதற்கு ஒரே விளக்கம். வீட்டு வாடகைப்படி அதில் சேராது. இப்படி விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் ஊதியத்தோடு சேரும். இவருடைய 22,500-ல் வாடகைப்படி 5,000-ஐக் கழித்தால் 17,500. அது 21,000-க்குக் கீழே. அப்படியானால் மறுபடியும் இ.எஸ்.ஐ.க்குள் வந்துவிடலாமா?

டிசம்பரில் கடைசி வாரம் ராணிப்பேட்டை மருந்தகத்துக்கு அம்மாவோடு போனார். அந்த வருடத்துக்கான கடைசி மாத்திரைப் பொட்டலம். திரும்பும்போது கம்பெனியில் இறங்கி, மனிதவள மேடத்திடம் இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுத்தார். மேடம் படித்துப் பார்த்தார். வாடகைப்படியைக் கழித்து அவரும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

"இதையே இன்னும் முப்பது பேர் கேட்டிருக்காங்க. தலைமையகத்துக்கு அனுப்பியிருக்கேன்மா. பதில் வந்ததும் சொல்றேன்."

சரி மேடம் என்று சொல்லிவிட்டு, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியை எழுதி வாங்கிக்கொண்டார்.